ஸ்ட்ராப்பின் நீளத்தை யாரும் கேட்பதில்லை

வாட்ச் கடையில் புது ஸ்ட்ராப் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை எம்எம்?" என்றுதான். 18, 20, 22 என்று நாம் சொல்லும் எண் ஸ்ட்ராப்பின் அகலம். வாட்ச்சின் இரண்டு கால்களுக்கு நடுவே அது நுழையுமா என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். நம் கையைச் சுற்றி எப்படி உட்காரும், பக்கிள் எங்கே வரும், நுனி எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் நீளத்தைப் பொறுத்தவை. அந்த நீளத்தைக் கடைக்காரரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. மெலிந்த கையும் பருத்த கையும் ஒரே நீள ஸ்ட்ராப்பை வாங்கிப் போவதும், கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளவென்று இருக்கிறதே என்று பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் திரும்பி வருவதும் அதனால்தான்.

தோல் ஸ்ட்ராப் இரண்டு துண்டாக வருகிறது. பக்கிள் இருக்கும் குட்டைத் துண்டு டயலின் 12 மணிப் பக்கத்தில் மாட்டப்படும். ஓட்டைகள் உள்ள நீளத் துண்டு 6 மணிப் பக்கத்தில் மாட்டப்படும். நல்ல ஸ்ட்ராப்பின் அட்டையில் 115/75 என்றோ 120/80 என்றோ அச்சிட்டிருப்பார்கள். நீளத் துண்டு 115 மி.மீ., குட்டைத் துண்டு 75 மி.மீ. என்று பொருள். குட்டைத் துண்டை அளக்கும்போது பக்கிளின் உலோகத்தைச் சேர்ப்பதில்லை, தோலை மட்டுமே அளப்பார்கள். அட்டையில் எண் இல்லாவிட்டால் கடையிலேயே ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம்.

எல்லோரும் நீளத் துண்டைத்தான் பார்க்கிறார்கள், ஓட்டைகள் அதில்தானே இருக்கின்றன என்று. ஆனால் வாட்ச் கையில் நேராக நிற்குமா, சரிந்து போகுமா என்பதைத் தீர்மானிப்பது குட்டைத் துண்டு. நீளத் துண்டில் ஓட்டையை மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். குட்டைத் துண்டில் அந்த வசதி கிடையாது, வாங்கிய நீளம் வாங்கியதுதான்.

மணிக்கட்டை அளப்பது

முன்கையின் வெளிப்பக்கத்தில், சுண்டுவிரலுக்கு நேராக, மணிக்கட்டருகே ஓர் எலும்பு முண்டு புடைத்திருக்கும். பெரும்பாலானோர் வாட்ச்சை அந்த முண்டுக்குப் பின்னால், முழங்கைப் பக்கமாகத் தள்ளிக் கட்டுகிறார்கள். சிலர் முண்டுக்கு முன்னால், உள்ளங்கையை ஒட்டிக் கட்டுவார்கள். இந்த இரண்டு இடங்களின் சுற்றளவும் ஒன்றல்ல. ஆகவே பொதுவாக மணிக்கட்டு என்று சொல்லப்படும் இடத்தை அளப்பதைவிட, நீங்கள் வாட்ச் கட்டும் அதே இடத்தை அளப்பதுதான் சரி. பழைய வாட்ச் விட்டுச்சென்ற வெளுத்த தடம் இருந்தால் அதன் மேலேயே டேப்பை வையுங்கள்.

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். அதைத் தோலோடு ஒட்டிப் படிய விட வேண்டும், அழுத்தி இறுக்கக் கூடாது. அளக்கும்போது டேப்புக்கு அடியில் விரலை நுழைத்துக்கொண்டு, கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும் என்று சேர்த்து அளப்பது பலரின் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். தளர்வைப் பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இங்கேயும் சேர்த்து அங்கேயும் சேர்த்தால் ஒரு ஓட்டை அளவுக்கு எண் பிசகிவிடும். கையைத் தளர்த்தி, உள்ளங்கையைத் திறந்து வையுங்கள். விரல்களை மடக்கினால் தசைநார்கள் புடைத்துச் சுற்றளவு சில மில்லிமீட்டர் கூடும்.

டேப் இல்லையென்றால் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிய காகிதத் துண்டைச் சுற்றி, நுனி சேருமிடத்தில் பேனாவால் கோடு போட்டு, ஸ்கேலில் வைத்துப் படிக்கலாம். நூலைச் சுற்றி அளப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நூல் தோலுக்குள் அமிழ்கிறது, எடுத்து நீட்டும்போது இழுபடுகிறது. முதலாவது அளவைக் குறைக்கும், இரண்டாவது கூட்டும். எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

டேப்பில் மில்லிமீட்டர் பக்கத்தைப் படியுங்கள். ஆறு அங்குலம், ஆறரை அங்குலம் என்று உத்தேசமாகச் சொல்வது சட்டைக்குப் போதும், ஸ்ட்ராப்புக்குப் போதாது. அரை அங்குலம் என்பது ஏறக்குறைய 13 மி.மீ. ஸ்ட்ராப்பில் ஓட்டைக்கு ஓட்டை ஆறேழு மி.மீ.தான் இடைவெளி இருக்கும். அரை அங்குலம் பிசகினால் இரண்டு ஓட்டை பிசகியதாகும்.

மணிக்கட்டு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதும் இல்லை. வெயிலில் நடந்துவிட்டு வந்தாலும், உப்பு தூக்கலாகச் சாப்பிட்டாலும், உடற்பயிற்சி செய்தாலும் கை சற்று வீங்கும். குளிர்ந்த காலையில் சுருங்கியிருக்கும். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அளந்து பார்த்தால் உங்கள் கை எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். நம் ஊர் வெயிலில் மாலை அளவைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது நல்லது. காலையில் சற்றே தளர்ந்திருக்கும் ஸ்ட்ராப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். மாலையில் கையைக் கவ்வும் ஸ்ட்ராப்பை எப்போது கழற்றுவோம் என்றிருக்கும்.

அகலம்

வாட்ச்சின் உடம்பிலிருந்து மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கால்கள் நீள்கின்றன. கடைகளில் லக் என்பார்கள். ஒரு பக்கத்து இரண்டு கால்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரமே ஸ்ட்ராப்பின் அகலம். பழைய ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, இரும்பு ஸ்கேலாலோ கடையில் இருக்கும் வெர்னியர் காலிப்பராலோ அந்த இடைவெளியை நேரடியாக அளக்க வேண்டும். பழைய ஸ்ட்ராப்பின் அகலத்தை நம்பக் கூடாது. முன்பு யாரோ 20 மி.மீ. ஸ்ட்ராப்பை நெருக்கி 19 மி.மீ. இடைவெளியில் திணித்திருக்கலாம், அல்லது 18 மி.மீ. ஸ்ட்ராப்பை இடைவெளி தெரியத் தொங்கவிட்டிருக்கலாம்.

பெரும்பாலான வாட்ச்கள் 18, 20, 22 என்று இரட்டைப்படை எண்ணில் வருகின்றன. பெண்களுக்கான சிறிய வாட்ச்களில் 12, 14, 16 வரும். 19, 21 என்ற ஒற்றைப்படை அளவுகளும் உண்டு, தவறாக அளந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. 19 மி.மீ. இடைவெளிக்கு மெத்தென்ற 20 மி.மீ. தோல் ஸ்ட்ராப்பை அமுக்கிப் போட முடியும். இரண்டு மி.மீ. கூடுதலாக இருப்பதைத் திணித்தால் ஓரம் மடங்கி, தையல் விட்டுப்போகும். இடைவெளியைவிடக் குறுகிய ஸ்ட்ராப்போ இதைவிட மோசம். பக்கவாட்டில் வாட்ச் ஆடும், உள்ளே இருக்கும் பின் வெளியே தெரியும், ஆட ஆட பின்னின் நுனி தேய்ந்து ஒருநாள் வாட்ச் கீழே விழும்.

பின் என்பது ஸ்ட்ராப்பின் முனையில் இருக்கும் குழல் வழியே போகும் ஸ்பிரிங் வைத்த கம்பி. இரண்டு முனையும் உள்ளே அமுங்கி, காலில் இருக்கும் சிறு குழிகளில் பொருந்தும். பின்னின் நீளமும் கால் இடைவெளிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 18 மி.மீ. பின்னை 20 மி.மீ. இடைவெளியில் போட்டால் முனைகள் குழியின் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். புது ஸ்ட்ராப் மாட்டியவுடன் வாட்ச்சை ஒரு கையிலும் ஸ்ட்ராப்பை மறு கையிலும் பிடித்து, நன்றாக ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் எதிரிலேயே பின் கழன்றால் அது நல்லதுதான்.

அட்டையில் 20/16 என்று போட்டிருந்தால் கால் பக்கம் 20, பக்கிள் பக்கம் 16, ஸ்ட்ராப் போகப் போகக் குறுகுகிறது என்று பொருள். மெலிந்த கைக்கு அப்படிக் குறுகும் ஸ்ட்ராப்பே அழகு. பக்கிளும் சிறிதாக இருப்பதால் மேசையில் கையை ஊன்றி எழுதும்போது உறுத்தாது.

அப்பாவின் ஜனதா, மகளின் கை

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. சாவி கொடுத்து ஓடும் அதன் ஜனதா மாடல் நாடு முழுக்க லட்சக்கணக்கான கைகளில் ஏறியது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடும் முடிவு 2016இல் வந்தது. ஆனாலும் பழைய ஜனதாக்கள் பீரோக்களில் இருக்கின்றன, சாவி கொடுத்தால் ஓடுகின்றன. அப்பா கட்டிய வாட்ச்சை மகள் கட்ட ஆசைப்படுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. நீளக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மகளின் மணிக்கட்டுச் சுற்றளவு 148 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆறு அங்குலத்துக்குச் சற்றே குறைவு. வாட்ச்சின் கால் இடைவெளி 18 மி.மீ. இன்னும் ஓர் அளவு வேண்டும். மேல் பின்னிலிருந்து கீழ் பின் வரை, டயலுக்கு அடியில் நேர்கோட்டில் எத்தனை மி.மீ.? அளந்தால் 38 வருகிறது. மொத்தச் சுற்றில் இந்த 38 மி.மீ. தூரத்தை வாட்ச்சே நிரப்பிவிடும், மீதியைத்தான் ஸ்ட்ராப் நிரப்ப வேண்டும்.

கணக்கு எளியது. ஆனால் 148இலிருந்து 38ஐ அப்படியே கழித்துவிடக் கூடாது. டேப் தோலை ஒட்டிச் சுற்றியது. ஸ்ட்ராப்போ இரண்டரை, மூன்று மி.மீ. தடிமனுள்ளது, கையின் வெளிப்புறமாகச் சுற்றுகிறது. பின்கள் தோலிலிருந்து சில மி.மீ. உயரத்தில் நிற்கின்றன. இந்த இரண்டுக்குமாகச் சுற்றளவோடு ஏறக்குறைய 12 மி.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய ஸ்ட்ராப்புக்கு 10 போதும், பஞ்சு வைத்துத் தைத்த கனமான ஸ்ட்ராப்புக்கு 15 வரை போகலாம். ஆக, 148உடன் 12 சேர்த்தால் 160. அதில் வாட்ச்சின் 38ஐக் கழித்தால் 122. குட்டைத் துண்டின் முழு நீளமும், நீளத் துண்டில் பின்னிலிருந்து நாம் மாட்டும் ஓட்டை வரையுள்ள தூரமும் சேர்ந்து 122 மி.மீ. வர வேண்டும்.

கடைக்காரர் எடுத்துப் போடுவது வழக்கமான 115/75 ஸ்ட்ராப். குட்டைத் துண்டே 75 மி.மீ. எடுத்துக்கொண்டால் மீதி 47. அதாவது நீளத் துண்டில் 47 மி.மீ. தூரத்தில் ஓர் ஓட்டை வேண்டும். அந்த ஸ்ட்ராப்பில் ஏழு ஓட்டைகள் இருக்கின்றன; வாட்ச்சுக்கு மிக அருகில் இருப்பது 52 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, அதற்கப்புறம் ஆறு ஆறு மி.மீ. இடைவெளியில் மற்றவை. மிக இறுக்கமான ஓட்டையில் மாட்டினால்கூட ஐந்து மி.மீ. தளர்வு. கையை ஆட்டினால் வாட்ச் முண்டைத் தாண்டி இறங்கும்.

இதைக் கடையில் சொன்னால் பதில் தயாராக இருக்கும்.

"லூசா இருக்குன்னா என்னம்மா, ஒரு ஓட்டை போட்டுத் தர்றேன். சரியாயிடும்."

"அண்ணே, ஓட்டை வேண்டாம். இதுலேயே நீளம் கம்மியா, சின்ன சைஸ் இருக்கா?"

"பதினெட்டுதானேம்மா? பதினெட்டுல எல்லாம் ஒரே நீளம்தான் வரும்."

ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 46 மி.மீ. தூரத்தில் புதிதாக ஓர் ஓட்டை போட்டாகிவிட்டது. இறுக்கம் சரியாகிவிடும். ஆனால் அந்த ஓட்டைக்கு அப்பால் 69 மி.மீ. நுனி மிஞ்சுகிறது. அது பக்கிள் வழியாக நுழைந்து, 75 மி.மீ. குட்டைத் துண்டின் மேலேயே படர்ந்து, ஏறக்குறைய 12 மணிப் பக்கத்துக் கால் வரை போய் நிற்கும். மணிக்கட்டில் பாதிச் சுற்றுக்கு இரட்டைத் தோல். முழுக்கைச் சட்டைக்குள் போகாது, வியர்வை காயாது.

அதைவிடப் பெரிய தொந்தரவு பக்கிளின் இடம். வாட்ச் கையின் மேல் நடுவில் இருக்கும்போது பக்கிள் உள்மணிக்கட்டின் நடுவில் இருக்க வேண்டும். அப்போதுதான் எடை இரு பக்கமும் சமமாகி வாட்ச் நேராக நிற்கும். 122 மி.மீ.யில் பாதி 61. குட்டைத் துண்டு 61க்கு அருகில் இருந்தால் பக்கிள் நடுவில் வரும். இங்கே அது 75. பக்கிள் நடுவைத் தாண்டி 14 மி.மீ., இடது கையில் கட்டுபவருக்குக் கட்டைவிரல் பக்கமாகத் தள்ளி நிற்கிறது. கையை மேசையில் வைத்து எழுதும்போதும், பையைத் தூக்கும்போதும் பக்கிள் தட்டையான நடுப்பகுதிக்கு வரப் பார்க்கும். அது நடுவுக்கு நகர்ந்தால் மேலே வாட்ச் கட்டைவிரல் பக்கம் சரியும். மணி பார்க்க ஒவ்வொரு முறையும் வாட்ச்சைத் திருப்பி நிறுத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஸ்ட்ராப்பை ஒரு ஓட்டை இறுக்கிப் பார்ப்பார்கள், கை வலிக்கும், மறுபடி தளர்த்துவார்கள். குறை இறுக்கத்தில் இல்லை, குட்டைத் துண்டின் நீளத்தில் இருக்கிறது.

இப்போது 105/65 அளவுள்ள ஸ்ட்ராப்பை எடுத்துக்கொள்வோம். ஷார்ட் என்ற பெயரில் இவை கிடைக்கின்றன. எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டு வரவழைக்க வேண்டியிருக்கும். குட்டைத் துண்டு 65, மீதி 57. நீளத் துண்டில் ஓட்டைகள் 42, 48, 54, 60, 66, 72, 78 மி.மீ. தூரத்தில் இருந்தால் 60இல் உள்ள நான்காவது ஓட்டை பொருந்தும். மூன்று மி.மீ. தளர்வு இருக்கும், அந்தத் தளர்வு வேண்டும்தான். ஏழு ஓட்டைகளில் நான்காவது நட்ட நடுவானது. வெயில் நாளில் ஒரு ஓட்டை தளர்த்தலாம், குளிர்நாளில் ஒன்று இறுக்கலாம், இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. பக்கிள் நடுவிலிருந்து நான்கு மி.மீ. மட்டுமே விலகியிருக்கும், கையில் அது தெரியாது. நுனி 45 மி.மீ. மிஞ்சி இரண்டு வளையங்களுக்குள் அடங்கிவிடும்.

அதே வாட்ச்சை 175 மி.மீ. மணிக்கட்டுள்ள அப்பா கட்டினால்? 175உடன் 12 சேர்த்து 38ஐக் கழித்தால் 149. பாதி ஏறக்குறைய 75. வழக்கமான 115/75 ஸ்ட்ராப்பில் 74 மி.மீ. தூரத்து ஓட்டை வேண்டும். 52இலிருந்து ஆறு ஆறாகக் கூட்டிப் போனால் 76இல் ஐந்தாவது ஓட்டை வருகிறது. பக்கிள் நடுவில், வாட்ச் நேராக. அந்த ஸ்ட்ராப் அப்பாவின் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியதும் மகளின் கையில் சரிந்ததும் இந்தக் கணக்கால்தான். கை 190 மி.மீ.யைத் தாண்டினால் மறுபக்கம் இடிக்கும். அவர்கள் 125/85 போன்ற நீள அளவைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஓட்டையில் மாட்டி, நுனி வளையத்துக்குள் நிற்காமல் எகிறிக்கொண்டு நிற்கும்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் சிலர் மணிக்கட்டு தட்டையாக, அகலமாக இருக்கும்; சிலருடையது உருண்டையாக இருக்கும். உருண்டை மணிக்கட்டில் பெரிய வாட்ச்சைக் கட்டினால் கால்கள் கையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்ட்ராப் அங்கிருந்து செங்குத்தாக விழும், தோலுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே சந்து தெரியும். அந்தச் சந்தும் சுற்றளவில் சேர்ந்துகொள்வதால் நான் சொன்ன 12 மி.மீ. போதாமல் 20 வரைகூடத் தேவைப்படலாம். வாட்ச்சின் மேல் கால் நுனியிலிருந்து கீழ் கால் நுனி வரை உள்ள நீளம், உங்கள் மணிக்கட்டின் மேல்புறத் தட்டை அகலத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகமென்றால் எந்த ஸ்ட்ராப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கையில் பொருந்திய பழைய ஸ்ட்ராப் ஒன்று வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேர்ப்புக் கழிப்பு எதுவும் தேவையில்லை. பழசைத் தட்டையாக நீட்டி வைத்து, குட்டைத் துண்டை அளந்து, நீளத் துண்டில் அதிகம் தேய்ந்து நீள்வட்டமாகிப் போன ஓட்டை வரை அளந்தால் போதும். தோல் கறுத்து மடிந்திருக்கும் கோடே எந்த ஓட்டை என்று காட்டிக் கொடுத்துவிடும். புது ஸ்ட்ராப் அதே தடிமனில், அதே வாட்ச்சுக்கு என்றால் அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை அப்படியே செல்லும்.

புதுத் தோல் முதல் சில வாரங்களில் வியர்வையும் சூடும் பட்டு இளகி, சிறிது நீளும். ஆகவே வாங்கிய அன்று ஒட்டினாற்போல் இருப்பது நல்லது. சுண்டுவிரல் நுனி சிரமமின்றி ஸ்ட்ராப்புக்கு அடியில் நுழைந்தால் போதும். ரப்பரும் சிலிக்கோனும் நீளாது, காற்றும் விடாது. அவற்றை ஒரு ஓட்டை தளர்த்திக் கட்டாவிட்டால் அடியில் வியர்வை தேங்கித் தோல் அரிக்கும். வாட்ச்சுக்கு அடியில் ஒரே துண்டாகப் போகும் நைலான் பட்டை பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து வந்தது, நேட்டோ ஸ்ட்ராப் என்று விற்கிறார்கள். அதற்குக் குட்டை நீளக் கணக்கு பொருந்தாது. வாட்ச்சுக்கு அடியிலும் துணி போவதால் சுற்றளவு கூடும், வாட்ச் சற்று உயர்ந்து நிற்கும். மெலிந்த கைக்கு அதன் நுனி மிக நீளமாக மிஞ்சும், மடித்துச் செருகத்தான் வேண்டும்.

செயினுக்கு லிங்க் கணக்கு

உலோகச் செயினில் ஓட்டை இல்லை, லிங்க்கைக் கழற்றித்தான் நீளத்தைக் குறைக்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் கண்ணால் பார்த்து, "மூணு எடுத்துடலாமா சார்?" என்று கேட்டு எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பூட்டுப் பட்டையின் பக்கவாட்டில் மூன்று நான்கு நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கும். அந்தத் துளைகளில் பின்னை நகர்த்தி இரண்டு மூன்று மி.மீ. கூட்டலாம், குறைக்கலாம். முதலில் பின்னை நடுத்துளைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு செயினைக் கட்டி, உள்மணிக்கட்டுப் பக்கம் மிஞ்சுவதை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து, எத்தனை மி.மீ. மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

மிஞ்சுவது 27 மி.மீ., ஒரு லிங்க் 8 மி.மீ. என்றால் மூன்று லிங்க் எடுத்தால் 24 போய்விடும். மீதி மூன்றைப் பூட்டின் துளையில் ஓர் எட்டு உள்ளே நகர்த்திச் சரிசெய்யலாம். நான்காவது லிங்க்கையும் எடுத்தால் 32 போய்விடும்; ஐந்து மி.மீ.யைத் திரும்பக் கொடுக்க இரண்டு துளை வெளியே போக வேண்டும், கோடையில் தளர்த்த இடமே மிஞ்சாது. நடுத்துளையில் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்று லிங்க்கை எந்தப் பக்கம் எடுப்பது? ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. எந்தப் பக்கம் இரண்டு என்பதை பூட்டைப் பார்த்து முடிவுசெய்யலாம். வாட்ச்சை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு பூட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கட்டைவிரல் பக்கம் போனால் 12 மணிப் பக்கம் நீளம் அதிகம், அங்கே இரண்டு எடுக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் போனால் 6 மணிப் பக்கத்தில் இரண்டு. தோல் ஸ்ட்ராப்பின் குட்டைத் துண்டுக்குச் சொன்ன அதே கணக்கு. கடையில் ஒரே பக்கத்தில் மூன்றையும் எடுத்துவிட்டால் பூட்டு ஓரத்துக்குப் போய்விடும், வாட்ச் சரியும்.

லிங்க்கின் உள்புறத்தில் சிறிய அம்புக்குறி பொறித்திருப்பார்கள். பின்னை அந்த அம்பு காட்டும் திசையில்தான் தட்டி வெளியே எடுக்க வேண்டும், திரும்பப் போடும்போது எதிர்த்திசையிலிருந்து செலுத்த வேண்டும். பல பின்களின் ஒரு முனை பிளந்து விரிந்திருக்கும், தவறான பக்கம் அடித்தால் துளை அகன்று பின் நிற்காமல் போகும். உலோகம் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது என்பதால் தோலைவிடச் சற்றுத் தளர்வாகவே செயினை வைக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு உதறிப் பாருங்கள். வாட்ச் எலும்பு முண்டைத் தாண்டிப் புறங்கைக்கு வரக் கூடாது. பிறகு கையைப் பின்னோக்கி மடக்கிப் பாருங்கள். சாவி கொடுக்கும் குமிழ் புறங்கையைக் குத்தினால் வாட்ச் மிக முன்னால் நிற்கிறது, அல்லது செயின் இன்னும் தளர்வு.

கழற்றிய லிங்க்குகளையும் பின்களையும் ஒரு சிறு பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு சற்றுப் பருத்தால், அல்லது வாட்ச் மகனின் கைக்குப் போனால், அந்த லிங்க்குகள் தேவைப்படும். பழைய மாடல் செயின்களுக்குத் தனி லிங்க் கிடைப்பது அரிது, வேறு மாடலின் லிங்க் அகலம் ஒத்துப்போனாலும் வளைவும் பின் துளையும் ஒத்துப்போகாது. பையின் மேல் வாட்ச்சின் பெயரையும், எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை லிங்க் எடுத்தது என்பதையும் எழுதி வைத்துவிட்டால் பிற்பாடு யார் மாட்டினாலும் வேலை சுலபம்.